வெயில் அடிக்கிறது, ஆனாலும் இன்று பிராக்டிஸ் இல்லை

மழை கொட்டுகிற மாலையில் ‘இன்று ஃபுட்பால் பிராக்டிஸ் இல்லை’ என்று கோச்சிடமிருந்து செய்தி வந்தால் எந்தப் பெற்றோரும் ஏன் என்று கேட்பதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடுகிறது. சிக்கல் வருவது மறுநாள்தான். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பையன் பள்ளிக்கூடம் போகும்போதே பூட்ஸைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டான். அந்த நேரம் பார்த்து ‘இன்றும் இல்லை’ என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறது. உடனே குரூப்பில் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்குகிறார்கள். ‘எங்க ஏரியாவுல மழையே இல்லையே சார்?’ ‘மத்த பசங்க அங்கதானே ஆடிக்கிட்டு இருக்காங்க?’ ‘இந்த மாசம் மொத்தம் எத்தனை கிளாஸ்தான் நடந்துச்சு?’

சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. சிறுவர்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் ஆண்டில் அனுப்பும் ரத்துச் செய்திகளில் பெரும்பங்கு இந்த மூன்று மாதங்களில்தான் போகும். அவற்றில் பல ‘மழை காரணமாக’ என்ற இரண்டே சொற்களோடு முடிந்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வானம் காரணமாக ரத்தாவது ஒன்று, தரை காரணமாக ரத்தாவது வேறொன்று. மழையும் இடியும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஊறிப்போன தரை காய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். பெற்றோர் பார்ப்பது வானத்தை, கோச் பார்ப்பது தரையை. தரையில் என்ன பார்த்தார் என்பதை அவர் செய்தியிலேயே சொல்லிவிட்டால், அதன் பிறகு வரும் கேள்விகளில் முக்கால்வாசி எழாது.

தரையை எப்படிப் பார்ப்பது?

ஈரமான மைதானத்தில் ஆடலாமா கூடாதா என்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பந்தும் கோச்சின் குதிகாலும் போதும். மேட்சுக்கு முன் ரெஃப்ரிகள் மைதானத்தைச் சோதிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

முதலில் குதிகாலைத் தரையில் ஊன்றி அழுத்த வேண்டும். பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் ஊறி மேலே வந்தால், மண் குடிக்கிற அளவுக்குக் குடித்துவிட்டது, இனி உறிஞ்சாது என்று பொருள். அடுத்து, பந்தைத் தலை உயரத்திலிருந்து கீழே விட வேண்டும். எழும்பாமல் ‘சொத்’ என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் ஆட்டத்துக்கு ஆகாது. மூன்றாவதாக, தரையோடு தரையாக ஒரு பாஸ் அடித்துப் பார்க்க வேண்டும். ஓடும் பந்து திடீரென்று சேற்றில் நின்றுபோனால் பின்னால் ஓடிவரும் பிள்ளையின் காலும் அங்கே அப்படித்தான் மாட்டும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் செய்து முடித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு கோல் வாய்கள், நடு வட்டம், நான்கு மூலைகள் என்று எல்லா இடத்திலும் பார்க்க வேண்டும். கோல் வாயில் எப்போதும் கால்பட்டுப் பட்டுத் தரை குழிந்திருக்கும் என்பதால் தண்ணீர் முதலில் தேங்குவதும் கடைசியில் வற்றுவதும் அங்கேதான்.

இதில் ஆபத்து சறுக்கி விழுவது மட்டுமல்ல. சறுக்கினால் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். களிமண் சேற்றில் நடப்பது வேறு. பூட்ஸ் அடியில் உள்ள முளைகள் மண்ணில் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பும். அந்தத் திருகலை முழங்காலோ கணுக்காலோதான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாதது. ஊறிய களிமண் தரையில் ஒரே ஒரு மாலை முப்பது பிள்ளைகள் ஓடினால் போதும், தரை முழுக்கப் பூட்ஸ் பள்ளங்களாகிவிடும். இரண்டு நாள் வெயில் பட்டதும் அந்தப் பள்ளங்கள் அப்படியே இறுகிப்போகும். அதற்குப் பிறகு மழையே பெய்யாவிட்டாலும் யாராவது ஆள்வைத்துத் தரையைச் சமப்படுத்தும் வரை ஒவ்வொரு பிராக்டிஸிலும் ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் பிசக வாய்ப்பு இருக்கிறது. ஒரு நாள் ரத்து செய்யாததன் விலையைப் பல வாரங்களுக்குக் கொடுக்க வேண்டிவரும். ‘மத்த பசங்க ஆடுறாங்களே’ என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்.

கடற்கரையை ஒட்டிய மணல் தரை வேகமாக வடிந்துவிடும். செயற்கைப் புல் விரித்த டர்ஃபில் வடிகால் சரியாக இருந்தால் மழை விட்ட சற்று நேரத்திலேயே ஆடலாம். எனவே, ஒரு குழுவுக்கு நடப்பதும் இன்னொரு குழுவுக்கு ரத்தாவதும் இருவரில் ஒருவர் சோம்பேறி என்பதால் அல்ல. காலடியில் இருக்கும் மண் வேறு.

ஒரு செவ்வாய்க்கிழமை

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். வட சென்னையில் களிமண் தரை கொண்ட ஒரு மாநகராட்சி மைதானம். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான முப்பது பிள்ளைகளுக்குச் செவ்வாய், வியாழன், சனி மாலை 5 மணி முதல் 6.30 வரை பயிற்சி. திங்கள் இரவு முழுக்க மழை. செவ்வாய் விடிந்ததும் நின்று, பதினோரு மணிக்கெல்லாம் வெயில் வந்துவிட்டது.

கோச் இரண்டரை மணிக்கு மைதானத்துக்குப் போகிறார். ஏன் அவ்வளவு சீக்கிரம்? மூன்றரைக்கு மேல் பள்ளி விட்டுவிடும். பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் ஷேர் ஆட்டோ பிடித்து நேரே மைதானத்துக்கு வருகிறவர்கள். அவர்கள் கையில் போன் இல்லை. நான்கரை மணிக்கு அனுப்பும் செய்தி, வேலைக்குப் போயிருக்கும் அம்மாவின் போனில் ஒலிக்குமே தவிர, பிள்ளையைத் தடுத்து நிறுத்தாது. மூன்று மணிக்குள் போய்ச் சேரும் செய்திக்குத்தான் பலன் உண்டு. அதற்குள் பள்ளிக்கோ வேன் டிரைவருக்கோ ஒரு போன் போட்டுவிடலாம்.

அவர் பார்க்கும்போது தெற்குக் கோல் வாயில் கணுக்கால் அளவு தண்ணீர். நடுவில் குதிகாலை ஊன்றினால் நீர் ஊறுகிறது. வடக்குப் பக்கம் மட்டும் ஓரளவு காய்ந்திருக்கிறது. அங்கே பந்து எழும்பியிருந்தால் அவர் ரத்து செய்திருக்க வேண்டியதில்லை. காய்ந்த பாதியில் கோன் வைத்து அடைத்து, நாலுக்கு நாலு சின்ன ஆட்டம் வைத்திருக்கலாம். இந்த வயதுக்கு அந்த இடமே போதும். ஆனால் அங்கும் பந்து செத்து விழுகிறது. முடிவு எடுத்தாயிற்று.

வழக்கமாகப் போகும் செய்தி இப்படி இருக்கும்:

‘அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம். தற்போதைய வானிலையைக் கருத்தில் கொண்டு இன்று பயிற்சி நடைபெறுவதற்கான வாய்ப்பு குறைவாக உள்ளது. மேலும் தகவல் விரைவில் தெரிவிக்கப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி.’

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒரு அம்மா ஆபீஸிலிருந்து கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. ‘வாய்ப்பு குறைவு’ என்றால் உண்டா, இல்லையா? ‘விரைவில்’ என்றால் எத்தனை மணிக்கு? போன் திரையில் எட்டிப்பார்க்கும் முதல் வரியில் வணக்கம் மட்டும்தான் தெரியும். கிழமையோ தேதியோ இல்லாததால், இதை யாராவது புதன்கிழமை வேறொரு குரூப்புக்கு ஃபார்வேர்டு செய்தால் வியாழன் வகுப்புக்கும் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அதே கோச் இப்படி எழுதலாம்:

‘இன்று செவ்வாய், நவம்பர் 12, மாலை 5 மணி பிராக்டிஸ் இல்லை. 8 முதல் 12 வயது பேட்ச் முழுவதற்கும் இது பொருந்தும். மதியம் 2.30-க்கு கிரவுண்டைப் பார்த்தேன். தெற்குக் கோல் பக்கம் தண்ணீர் நிற்கிறது, மற்ற இடத்தில் கால் புதைகிறது. உங்கள் பகுதியில் வெயில் அடித்தாலும் இங்கே தரை காயவில்லை. ஸ்கூலிலிருந்து நேரே வரும் பிள்ளைகளுக்கு இப்போதே தகவல் சொல்லிவிடுங்கள். தெரியாமல் யாராவது வந்துவிட்டால் 5.15 வரை நான் கேட்டில் இருப்பேன். வியாழன் பிராக்டிஸ் உண்டா என்பதை அன்று மதியம் 3 மணிக்குச் சொல்கிறேன். பார்த்தவர்கள் பிள்ளையின் பெயரை மட்டும் பதிலாகப் போடுங்கள்.’

முதல் வரியிலேயே முடிவு வந்துவிட்டது. யாருக்கு, எந்த நாள், எந்த நேரம் என்பதும் வந்துவிட்டது. காரணம் பெற்றோர் வேண்டுமானால் நேரில் வந்து சரிபார்த்துக்கொள்ளும்படி இருக்கிறது. கூடவே தண்ணீர் தேங்கிய கோல் வாயின் படம் ஒன்றைப் போட்டால் வாதத்துக்கே இடமில்லை. அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டதால், நடுவில் ‘சார், வியாழன் உண்டா?’ என்ற கேள்வியும் குறையும். மன்னிப்பு கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அதற்கு அவசியமும் இல்லை.

‘கிரவுண்டுக்கே வராதீர்கள்’

மேலே சொன்ன செய்தியில் ஒரு வரி இல்லை. சேறு மட்டும்தான் பிரச்சினை என்றால் அந்த வரி இல்லாமலும் நடக்கும். மைதானமே ஆபத்தாக இருந்தால் அது இல்லாமல் அந்தச் செய்தியை அனுப்பவே கூடாது.

பிராக்டிஸ் இல்லை என்றால் பத்து வயதுப் பையன் என்ன செய்வான்? ஒன்றரை மணி நேரம் சும்மா கிடைத்திருக்கிறது. பந்தை எடுத்துக்கொண்டு அதே மைதானத்துக்குத்தான் போவான். ‘பிராக்டிஸ் ரத்து’ என்பதை ‘கோச் இல்லாமல் ஆடலாம்’ என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். ஆகவே ஆபத்து சேற்றைத் தாண்டியதாக இருந்தால், செய்தி பயிற்சியைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. இடத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

சென்னை மைதானங்களில் பருவமழைக்காலத்தில் அப்படிக் கவனிக்க வேண்டியவை முக்கியமாக மூன்று. முதலாவது மின்சாரம். விளக்குக் கம்பத்தின் அடியில் மூடியில்லாத பெட்டி, தேங்கிய தண்ணீரில் கிடக்கும் கேபிள், வேலியில் சுற்றியிருக்கும் வயர் இவற்றில் எது கண்ணில் பட்டாலும் யாரும் தொட்டுப் பார்க்கக் கூடாது, தண்ணீரில் இறங்கவும் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே மைதானத்தைத் திறக்க வேண்டும். இரண்டாவது, நுழைவாயிலையொட்டி மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளம். தண்ணீர் நிரம்பிவிட்டால் பள்ளமும் சாலையும் ஒன்றுபோலத் தெரியும். மைதானம் காய்ந்திருந்தாலும் அங்கே போய்ச் சேரும் வழி சரியில்லை என்றால் ரத்துதான். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். மூன்றாவது, நகர்த்தி வைக்கும் இரும்புக் கோல் போஸ்ட். மண் இளகினால் தரையில் அடித்த முளைகள் பிடி தளர்ந்துவிடும். குறுக்குக் கம்பியில் தொங்கி ஆடுவது பிள்ளைகளுக்குப் பழக்கம். போஸ்ட் முன்பக்கமாகச் சாய்ந்தால் முழு எடையும் பிள்ளையின் தலைமேல் விழும். பின் சட்டத்தில் மணல் மூட்டை வைத்துக் கட்டாத போஸ்டை, மழைக்குப் பிறகு இரண்டு கையால் பலமாக ஆட்டிப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது.

இதில் எது இருந்தாலும் செய்தியின் இரண்டாவது வரி இதுவாக இருக்கட்டும்: ‘கிழக்குக் கேட் பக்கம் லைட் கம்பத்தின் வயர் தண்ணீரில் கிடக்கிறது. தனியாக விளையாடவும் பிள்ளைகளை கிரவுண்டுக்கு அனுப்பாதீர்கள். சரியானதும் நானே சொல்கிறேன்.’ எங்கே, என்ன என்று சொல்ல வேண்டும். வெறுமனே ‘பாதுகாப்புக் காரணங்களால்’ என்று எழுதினால் பெற்றோருக்கு அது மழையைப் போன்ற இன்னொரு சாக்காகத்தான் தோன்றும்.

தேங்கிய நீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் சிராய்ப்பிலோ வெடிப்பிலோ பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். பட்ட அன்றே எதுவும் தெரியாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே காய்ச்சல் தொடங்கும். அதற்குள் அந்தச் சேற்றை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். தண்ணீரில் ஆடியிருக்கும் பிள்ளைக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பாதியில் இடி இடித்தால்

எழுதக் கடினமான செய்தி, பிள்ளைகள் மைதானத்தில் இருக்கும்போது அனுப்ப வேண்டியது. இது பருவமழைக்காலத்துக்கு மட்டும் உரியதல்ல. சென்னையில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலும் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு மாலையில் திடீரென்று இடிமழை வரும். அது வரும் நேரமும் பயிற்சி நேரமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே எல்லோரையும் உள்ளே கூட்டிப்போக வேண்டும். எண்ண வாய்க்கவில்லை என்றால், இடி காதில் விழுந்ததே போதுமான எச்சரிக்கை. கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி வெளியே வரலாம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. 5.40-க்கு ஒரு இடி, 5.55-க்கு இன்னொன்று என்றால் 6.25 வரை உள்ளேதான் இருக்க வேண்டும். 6.30-க்கு முடிகிற பயிற்சியில் அதற்கு மேல் என்ன மிச்சம்? இரண்டாவது இடியிலேயே ‘இன்றைக்கு முடிந்தது’ என்று சொல்லிவிடலாம். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்டுள்ள ‘தாமினி’ செயலி அருகில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். முன்கூட்டித் தயாராக அது உதவும். ஆனால் செயலி அமைதியாக இருக்கிறதே என்று காதில் கேட்கும் இடியை அலட்சியம் செய்யக் கூடாது.

உள்ளே என்றால் சுவரும் கூரையும் உள்ள கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார், வேன். மரத்தடியும், பக்கம் திறந்த தகரக் கேலரியும், கம்பி வேலியோரமும், விளக்குக் கம்பத்தடியும் ஒதுங்கும் இடங்கள் அல்ல. டர்ஃபாக இருந்தாலும் இதே விதிதான். வடிகால் நல்லதாக இருப்பதற்கும் மின்னலுக்கும் சம்பந்தமில்லை.

இப்போது பெற்றோருக்கு என்ன எழுதுவது? பதற்றத்தில் கை தானாகத் தட்டுவது ‘உடனே வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லவும்’ என்பதுதான். அதைப் படித்ததும் இருபது முப்பது பேர் இடிமழையில் டூவீலரை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். கேட்டில் நெரிசல், தண்ணீர் தேங்கிய சாலை, பின்சீட்டில் பிள்ளை. பத்திரமாக உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை நாமே வெளியே இழுத்துவிட்டதாக ஆகும். அதற்குப் பதிலாக:

‘இடி காரணமாக 5.55-க்கு பிராக்டிஸை நிறுத்திவிட்டோம். வந்திருந்த 26 பேரும் மைதானத்தை ஒட்டிய பள்ளிக் கட்டடத்துக்குள் பத்திரமாக இருக்கிறார்கள். இப்போது கிளம்பாதீர்கள். எப்போது வரலாம் என்று சொல்கிறேன். கடைசிப் பிள்ளை போகும் வரை நான் இங்கேயே இருப்பேன்.’

இதில் 26 என்ற எண் முக்கியம். தலையை எண்ணிவிட்டார்கள் என்பது அதில்தான் பெற்றோருக்குத் தெரியும். எண்ணாமல் அந்த வரியை எழுதக் கூடாது.

செய்தி போய்ச் சேர்ந்ததா?

அனுப்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. குரூப்பில் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால் யார் யார் படித்தார்கள் என்று ஓரளவு தெரியும். நமது உதாரணத்தில் நாலு மணிக்கு முப்பதில் இருபத்திரண்டு பேர் பதில் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி எட்டுப் பேருக்கு போன் போட வேண்டும். படிப்பதில் சிரமம் உள்ள பெற்றோர் இருந்தால் அதே விஷயத்தை அரை நிமிட வாய்ஸ் மெசேஜாகவும் போட்டுவிடலாம். இவ்வளவு செய்தும் ஒருவர் தவறிப்போவார். அதனால்தான் ரத்தான நாளிலும் கோச்சோ உதவியாளரோ தொடங்கும் நேரத்தில் கேட்டில் நிற்க வேண்டும். தனியாக வந்து நிற்கும் பிள்ளையை வீட்டில் பேசி ஒப்படைத்த பிறகுதான் அந்த ரத்து முழுமையாகிறது.

முடிவு மாறினால் பழைய செய்தியைத் திருத்தக் கூடாது, அழிக்கவும் கூடாது. திருத்தியதற்குப் புதிதாக மணி அடிக்காது. முன்பே படித்தவர் மறுபடி திறந்து பார்க்க மாட்டார். ‘மாற்றம்’ என்று தொடங்கிப் புதுச் செய்தி அனுப்புவதே சரி.

இந்தச் சச்சரவில் பாதியைச் செப்டம்பர் கடைசியிலேயே தீர்த்துவிடலாம். பருவமழைக்கு முன் ஒரே ஒரு செய்தி போதும். மழையால் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டால் அன்று பயிற்சி தானாகவே இல்லை. வானிலை மையம் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்திருந்தாலும் அப்படியே. ஆரஞ்சு, மஞ்சள் என்றால் மைதானத்தைப் பார்த்துவிட்டு மதியம் மூன்று மணிக்குச் சொல்லப்படும். ரத்தான வகுப்புக்கு ஈடு உண்டா, உண்டென்றால் எந்த மாதத்துக்குள் என்பதும் அதில் இருக்கட்டும். கட்டணம் கட்டியவர் கேட்கும் நியாயமான கேள்வி அது. ரத்து செய்யும் அன்றைக்கு அதைப் பேசத் தொடங்கினால், பேச்சு பிள்ளையின் முழங்காலை விட்டுவிட்டுப் பணத்துக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சொன்னபடியே அடுத்த செய்தி போக வேண்டும். பயிற்சி உண்டு என்றாலும் வெறும் ‘இன்று உண்டு’ போதாது. ‘தண்ணீர் வடிந்துவிட்டது, பந்து எழும்புகிறது, போஸ்டை ஆட்டிப் பார்த்தோம், தெற்குக் கோல் பக்கம் மட்டும் இன்னும் ஈரம், அங்கே இன்று ஆடப்போவதில்லை’ என்று அதே விவரத்தோடு சொல்ல வேண்டும். ரத்து செய்ய எதைப் பார்த்தாரோ அதையேதான் மறுபடி தொடங்கவும் பார்த்தார் என்பது அப்போது தெரியவரும். அப்படித் தெரிந்துகொண்ட பெற்றோர், அடுத்த முறை வெயிலில் ஒரு ரத்துச் செய்தி வரும்போது குரூப்பில் கேள்வி கேட்காமல் பிள்ளையின் பெயரைத் தட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள்.